அறுபத்தொன்பது வருஷப் பனி

செத்தவனைக் குறை சொல்லக் கூடாது என்பார்கள். நிருபமா ஐந்து வருஷமாகச் சொல்லிக்கொண்டுதான் இருந்தாள், வாய்விட்டு இல்லை, மனசுக்குள். அவள் புருஷன் சுஹாஸ் இமயமலையில் ஒரு பனிமலை உச்சியில் துளை போட்டு, ஆள் உயரத்துக்குப் பல மடங்கு ஆழத்திலிருந்து பனியைத் தண்டு தண்டாக எடுத்தவன். எடுத்து முடித்த அன்றைக்கு மலையிலிருந்து இறங்கக் கிடைத்த ஆட்கள் கொஞ்சம் பேர். அவனைத் தூக்கிக்கொண்டு இறங்கலாம், அல்லது பனி அடைத்த பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு இறங்கலாம். இருமிக்கொண்டிருந்த சுஹாஸ், வெயில் ஏறினால் ஐஸ் கரையும், நான் கரையமாட்டேன், நாளைக்கு நடந்தே வருகிறேன் என்று சொல்லிப் பெட்டிகளை அனுப்பிவிட்டான். மறுநாள் அவன் நுரையீரலில் தண்ணீர் கோத்துக்கொண்டது. பாதி வழியில் போய்விட்டான்.

பனி பத்திரமாக வந்து சேர்ந்தது. அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை. ஐஸ்கிரீம் ஏற்றுகிற வண்டியில் டில்லி வரைக்கும், அங்கிருந்து விமானத்தில் பெங்களூருக்கு, ஒரு துளிகூடச் சிந்தாமல் வந்து, ஆராய்ச்சி நிலையத்தின் குளிர் அறையில் ஜம்மென்று உட்கார்ந்துகொண்டது.

நிருபமாவுக்கும் அதே நிலையத்தில்தான் வேலை. அவளுடையது மரம். இமயமலைத் தேவதாரு மரங்களில் பென்சில் கனத்துக்குத் துளை போட்டு எடுத்த குச்சிகளை வழவழப்பாகத் தேய்த்து, நுண்ணோக்கியில் வைத்து வளையம் எண்ணுவாள். வருஷத்துக்கு ஒரு வளையம். ஈரமான வருஷம் என்றால் அகலமாக இருக்கும், வறண்டது என்றால் ஒல்லியாகப் போகும். தலைவர் வைத்தீஸ்வரனுடையது பவளம். லட்சத்தீவுக் கடலில் உயிரோடு இருக்கிற பவளப்பாறையில் துளை போட்டு எடுத்த தண்டை எக்ஸ்ரே எடுத்தால் வருஷத்துக்கு ஒரு ஜோடிப் பட்டை தெரியும், வெளுப்பும் கறுப்புமாக. அந்தச் சுண்ணாம்பைத் துளித்துளியாகச் சுரண்டிப் பார்த்தால் அந்த வருஷம் கடல் எவ்வளவு சூடாக இருந்தது என்பதைச் சொல்லிவிடலாம். சுஹாஸுடையது பனி. ஒவ்வொரு வருஷமும் விழுந்த பனி, அதன்மேல் வறண்ட காலத்துப் புழுதி, மறுபடி பனி என்று அடுக்கடுக்காக அமுங்கிக் கிடக்கும். நடுவே எங்கோ எரிமலை வெடித்தால் அதன் கந்தகமும் காற்றோடு வந்து ஓர் அடுக்கில் படிந்துவிடும். மரமும் கடலும் பனியும் ஒரே வருஷத்தைப் பற்றி ஒரே மாதிரி சொன்னால் நம்பலாம். ஒன்று மட்டும் சொன்னால் அது வதந்தி என்பார் வைத்தீஸ்வரன்.

சுஹாஸ் போனது ஒரு குறிப்பான விஷயத்துக்காக. உலகம் சூடேறத் தொடங்கிய கடைசி அறுபது எழுபது வருஷங்களில் அந்த உயரத்தில் எவ்வளவு பனி விழுந்தது, மழைக்காலம் எப்படி மாறியது என்று யாருக்கும் தெரியாது. அங்கே மழைமானி வைத்தவர் யாருமில்லை. பனிக்குள்தான் அந்தக் கணக்கு இருக்க வேண்டும். அதற்காகத்தான் பணம் கொடுத்தார்கள், அதற்காகத்தான் அவன் ஏறினான். அவன் உயிருக்கு ஈடாக உலகத்தில் ஏதாவது இருக்கிறது என்றால் அந்த வருஷங்கள்தான்.

மாமியார் பாமாவுக்கு இந்தக் கணக்கு நன்றாகப் புரிந்திருந்தது. மல்லேஸ்வரத்தில் அவர்கள் தெருவில் காப்பிப் பொடி அரைக்கிறவர் முதல் கோயில் வாசலில் பூ விற்கிற அம்மா வரைக்கும், கன்னடத்தில் பாதி தமிழில் பாதியாக, என் பிள்ளை கொண்டு வந்த ஐஸில் எல்லாம் எழுதியிருக்கிறது, படித்துக்கொண்டிருக்கிறார்கள் என்று சொல்லியிருந்தாள். தலைமைச் செயலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பெண்மணி, அழுது யாரும் பார்த்ததில்லை. பிள்ளை போனதைச் சொல்லும்போதுகூட, போன இடத்தில் வேலையை முடித்துவிட்டுத்தான் போனான் என்பாள். நிருபமா பக்கத்தில் நின்றுகொண்டு தலையாட்டுவாள். மாமியார் அந்த ஒரு வாக்கியத்தின்மேல்தான் நின்றுகொண்டிருக்கிறாள் என்று அவளுக்குத் தெரியும்.

கொரோனா வந்து இரண்டு வருஷத்தை விழுங்கியது. அப்புறம்தான் பனியை வெட்டி அளந்து வருஷம் போட்டார்கள். போட்ட விதம் வழக்கமானதுதான். மரத்தில் பட்டைக்கு அடியில் இருக்கிற வளையம் துளை போட்ட வருஷத்தது. பவளத்தில் உச்சியில் இருக்கிற உயிருள்ள பகுதியும் அப்படியே. ஆகவே பனியிலும் மேல் நுனியைத் துளை போட்ட 2019 என்று வைத்துக்கொண்டு அடுக்குகளைக் கீழ்நோக்கி எண்ணினார்கள். கிட்டத்தட்ட 1884 வருகிற இடத்தில் கந்தகம் கனமாகப் படிந்த ஓர் அடுக்கு இருந்தது. 1883இல் கிரகடோவா எரிமலை வெடித்தது பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும். ஒரு வருஷ வித்தியாசம் ஒரு வித்தியாசமா? எல்லோரும் கை குலுக்கிக்கொண்டார்கள். அன்று நிருபமா வீட்டுக்குப் போய் மாமியாரிடம் சொன்னபோது, பாமா பெருமாள் படத்துக்கு முன்னால் விளக்கேற்றினாள்.

மூன்றையும் ஒப்பிட்டுப் பார்க்கிற வேலை இந்த வருஷம்தான் வந்தது. வைத்தீஸ்வரனிடம் ஒரு பழைய பழக்கம் உண்டு. எத்தனை கம்ப்யூட்டர் இருந்தாலும் வரைபடங்களை நீளநீளமான காகித நாடாக்களாக அச்சடித்துத் தாழ்வாரச் சுவரில் ஒன்றின் கீழ் ஒன்றாக ஒட்டச் சொல்வார். போகிறவர் வருகிறவர் எல்லோர் கண்ணிலும் படட்டும், வெட்கம் வந்தால் சரியாகச் செய்வோம் என்பார். அப்படி ஒட்டியதும் வெட்கம் வந்துவிட்டது. மரமும் பவளமும் கைகோத்துக்கொண்டு போயின. மரம் ஒல்லியான வருஷத்தில் கடல் சூடாக இருந்தது, சொல்லி வைத்த மாதிரி. தாது வருஷப் பஞ்சம் என்று நம் பக்கத்தில் சொல்வார்களே, 1877, அந்த வருஷத்தில் இரண்டும் பளிச்சென்று தெரிந்தன. பனி மட்டும் அங்கே வாயைத் திறக்கவில்லை. அதற்குப் பதிலாக 1946 என்று குறித்த இடத்தில் எக்கச்சக்கமான புழுதி. மரத்திலோ 1946 ஒரு சாதாரண வளையம்.

முதலில் பழி மரத்தின்மேல் விழுந்தது. கடும் வறட்சியில் மரம் சில சமயம் வளையமே போடாது, அல்லது ஒரு பக்கம் மட்டும் போட்டுவிட்டு மறுபக்கம் விட்டுவிடும். எண்ணுகிறவருக்கு ஒரு வருஷம் காணாமல் போய்விடும். நிருபமா தன் குச்சிகளை எல்லாம் மறுபடி எடுத்து ஒன்றோடொன்று பொருத்திப் பார்த்தாள். எதுவும் விடுபடவில்லை. விடுபட்டிருந்தாலும் ஓரிரண்டு வருஷம்தான் தப்பும், இத்தனை தூரம் தப்பாது. அது தெரிந்துதான் பார்த்தாள். தப்பு தன்னுடையதாக இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டு வேலை செய்வது அவளுக்குப் புதிது.

ஒரு மத்தியானம், எல்லோரும் சாப்பிடப் போயிருந்த நேரத்தில், பனியின் நாடாவைச் சுவரிலிருந்து உரித்து எடுத்தாள். அதை மரத்தின் நாடாவுக்குக் கீழே பிடித்துக்கொண்டு மெல்லப் பழைய காலத்துப் பக்கமாக நகர்த்தினாள். கொஞ்ச தூரம் ஒன்றும் பொருந்தவில்லை. இன்னும் நகர்த்தினாள். ஓரிடத்தில் எல்லாம் உட்கார்ந்துகொண்டன. 1946இன் புழுதி 1877இன்மேல் வந்து நின்றது, அதற்கு முன்னும் பின்னும் இருந்த வறட்சிகள் எல்லாம் தத்தம் இடத்தில் நின்றன. கிரகடோவா என்று நினைத்த அடுக்கு 1815இல் போய் நின்றது. 1815 தம்போரா, அதைவிடப் பெரிய எரிமலை. அதற்குச் சற்று முன்னால், 1809இல், எங்கே என்று இன்றைக்கும் தெரியாத இன்னோர் எரிமலை வெடித்திருக்கிறது. பனியில் அந்தக் கனமான அடுக்குக்குக் கொஞ்சம் கீழே கந்தகம் படிந்த இன்னோர் அடுக்கு இருந்ததை எல்லோரும் பார்த்திருந்தார்கள். ஏதோ சின்ன விஷயம் என்று விட்டுவிட்டார்கள். கிரகடோவாவுக்கு அப்படி ஓர் இரட்டை கிடையாது.

நாடா அறுபத்தொன்பது வருஷம் நகர்ந்திருந்தது. அதன் மேல் நுனி இப்போது 1950இல் நின்றது. அங்கிருந்து 2019 வரைக்கும் வெறும் சுவர்.

அந்தச் சுவரைப் பார்த்துக்கொண்டு அவள் நின்ற நேரத்தில் வைத்தீஸ்வரன் கை கழுவிவிட்டு வந்தார். பார்த்ததும் புரிந்துகொண்டார், புரிந்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். வருஷா வருஷம் விழுவதைவிட அதிகமாக உருகினால் மேலிருந்து ஒவ்வோர் அடுக்காகப் போய்விடும். அப்படிப் போன மலைகள் உண்டு என்று கேள்விப்பட்டிருக்கிறார்கள். இந்த மலையிலும் மேலே பஞ்சு மாதிரிப் பனி இல்லாமல் எடுத்த எடுப்பில் கெட்டி ஐஸாக இருந்தது எல்லோருக்கும் தெரியும். அந்த வருஷம் காற்று அடித்துக்கொண்டு போயிருக்கும் என்று சொல்லிக்கொண்டார்கள். வேண்டாத உண்மைக்கு ஒரு சாக்குக் கிடைத்தால் படித்தவன் விடமாட்டான்.

தீர்மானமாகச் சொல்ல ஒரே வழி இருந்தது. ஐம்பதுகளிலும் அறுபதுகளின் ஆரம்பத்திலும் வல்லரசுகள் வானத்தில் அணுகுண்டுகளை வெடித்துப் பார்த்தன. அதன் தூசி உலகம் முழுக்க விழுந்தது, 1963ஐ ஒட்டி மிக அதிகமாக. அந்தக் காலத்துப் பனி இருந்தால் அதில் கதிரியக்கம் இருந்தே தீரும். இல்லையென்றால் அந்தக் காலத்துப் பனி இல்லை. பனித்தண்டில் அளக்க எடுத்த பாதியில் சில துண்டுகளை முன்பே பார்த்தாகிவிட்டது, ஒன்றும் அகப்படவில்லை. ஆனால் இடம் கொஞ்சம் தவறியிருக்கலாம், உருக்கிய தண்ணீர் போதாமல் இருந்திருக்கலாம். அந்தப் பாதி மற்றப் பரிசோதனைகளில் தீர்ந்துவிட்டது. மிச்சம் இருந்தது சேமிப்புப் பாதி.

பனித்தண்டை நீளவாக்கில் ரம்பத்தால் இரண்டாக வெட்டுவது வழக்கம். ஒரு பாதி அளக்க. மறு பாதியைத் தொடக் கூடாது, பின்னால் வருகிறவர்கள் நம்மைவிட நல்ல கருவி வைத்திருப்பார்கள், அவர்களுக்கு. அந்தப் பைகளின்மேல் சுஹாஸின் கையெழுத்து இருந்தது. எது மேல் எது கீழ் என்று அம்புக்குறி போட்டு, குளிரில் கோணல்மாணலாக எழுதியது. மேல் பகுதி முழுவதையும் உருக்கினால்தான் சந்தேகமில்லாமல் தெரியும். உருக்கிய பனியைத் திரும்ப உறைய வைத்தால் ஐஸ் வரும், வருஷம் வராது.

வைத்தீஸ்வரன் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார்.

"நிருபமா, அந்தப் பாதியை விட்டுடலாம்மா. மேல் நுனியோட வயசு நிச்சயமில்லைன்னு ஒரு வரி எழுதிடறேன். கௌரவமா இருக்கும். யாரும் கேக்கமாட்டாங்க."

"நான் கேப்பேன் சார்."

"இல்லைன்னு தெரிஞ்சுதான் கேக்கறியா?"

"இருக்கும்னு நினைச்சுத்தான் சார்."

பொய் இல்லை அது. அவ்வளவு தூரம் நாடாவை நகர்த்திப் பொருத்தியவளே, எங்காவது ஓர் அடுக்கில் அந்தக் கதிரியக்கம் இருந்துவிடாதா என்று ஏங்கினாள். இருந்தால் தன் மரம் பொய், வைத்தீஸ்வரனின் பவளம் பொய், இத்தனை வருஷப் படிப்பும் பொய். போகட்டும். சுஹாஸ் போனதற்கு ஓர் அர்த்தம் இருக்கும். இல்லையென்றால், உருகிப்போன வருஷங்களைத் தேடி ஒரு மனுஷன் மலையேறி, இல்லாத சாமானைப் பத்திரமாக இறக்கிவிட்டு, தான் இறங்காமல் செத்தான் என்று ஆகும்.

உருக்குகிற வேலையை வேறு யாரிடமும் விட அவளுக்கு மனசு வரவில்லை. கதிரியக்கம் அளக்கிற ஸ்னேஹா கூட இருந்தாள், ஓசூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து போகிற பெண், அதிகம் பேசாதவள். பையைப் பிரித்து, பனியின் வெளிப்புறத்தைச் சீவி எறிந்து, சுத்தமான குடுவைகளில் போட்டு மூடி வைத்தார்கள். வெளியே ஏப்ரல் வெயில், ஊரே தண்ணீர் லாரிக்குக் காத்துக்கொண்டிருந்தது. குடுவைக்குள் பனி உருகும்போது சடசடவென்று மெல்லிய சத்தம் கேட்டது. பனி அமுங்கியபோது உள்ளே மாட்டிக்கொண்ட காற்று குமிழி குமிழியாக விடுபடுகிற சத்தம் அது. நிருபமா இதைப் பல தடவை சுஹாஸ் வாயால் கேட்டிருக்கிறாள், நேரில் கேட்டதில்லை. எந்த வருஷத்துக் காற்று இது என்று அவளால் நினைக்காமல் இருக்க முடியவில்லை. நாங்கள் கல்யாணம் செய்துகொண்ட வருஷமா, அவன் பிறந்த வருஷமா?

உருகிய தண்ணீரில் அமிலம் சேர்த்து, கதிரியக்கத் தூசியைப் பிடித்துவைக்கிற வடிதாள்கள் வழியாக விட்டு, தாள்களை ஸ்னேஹா எண்ணும் கருவிக்குள் வைத்தாள். வாரக்கணக்கில் ஓடியது. நிருபமா நடுவில் போய் எட்டிப் பார்க்கவில்லை. கடைசியில் ஸ்னேஹா வந்து, ஒரே காகிதத்தில் எல்லாவற்றையும் போட்டு மேஜைமேல் வைத்துவிட்டு, ஸாரி அக்கா என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள். மேலிருந்து கீழ் வரைக்கும் ஒரு கோடு, பாய் விரித்த மாதிரித் தட்டையாக. 1963 இல்லை. ஐம்பதுகளின் குண்டுகளும் இல்லை. சுஹாஸ் பிறந்தது 1981. அவன் உயிரோடு இருந்த காலத்தில் விழுந்த ஒரு திவலைப் பனிகூட அவன் கொண்டு வந்ததில் இல்லை.

வைத்தீஸ்வரனுக்கு வருத்தம்தான். ஆனால் வருத்தத்துக்குள்ளேயே அவர் முகம் வெளிச்சமானதை நிருபமா பார்த்தாள். ஒரு பனிமலை அறுபத்தொன்பது வருஷத்தைத் தலையிலிருந்து இழந்திருக்கிறது என்பதற்கு மரமும் பவளமும் எரிமலையும் அணுகுண்டும் சாட்சி. முன்பு எழுதவிருந்ததைவிட இது பெரிய செய்தி, பெரிய பத்திரிகைக்குப் போகும். அந்த மலையை நம்பியிருக்கிற ஆற்றைப் பற்றி அரசாங்கம் யோசிக்க வேண்டிவரும். சுஹாஸ் பெயரைத்தான் முதலில் போடப் போகிறோம், அவன் போனது வீண் இல்லை என்று அவர் சொன்னார். அவர் சொன்னது முழுக்க உண்மை. உண்மையாக இருந்தும் அவளுக்கு அதில் தலை சாய்க்க இடம் இல்லை. மலை மொட்டையாகிவிட்டது என்று சொல்ல ஒருத்தன் சாக வேண்டுமா என்று கேட்க நினைத்தாள். மனுஷர் நல்லவர், கேட்டு என்ன ஆகப் போகிறது என்று மெட்ரோ ஏறிவிட்டாள்.

மாமியாரிடம் சொல்லாமல் இருந்துவிடலாம். வழியெல்லாம் அதைத்தான் யோசித்தாள். ஆனால் கட்டுரை வெளிவரும், செய்தித்தாளில் வரும், தெருவில் எவனாவது படித்துவிட்டு வாசலில் நின்று கேட்பான். ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது. தன் வாயால் சொல்வதுதான் மரியாதை என்று முடிவு செய்தாள்.

பாமா கூடத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நிருபமா எதிரே தரையில் உட்கார்ந்து, தானும் ஒரு கீரைக்கட்டை எடுத்துக்கொண்டு சொன்னாள். எரிமலை, புழுதி, குண்டு எல்லாவற்றையும் சொன்னாள். பாமா ஒரு கேள்வியும் கேட்காமல் கேட்டுக்கொண்டாள். செயலகத்தில் எத்தனையோ மோசமான கோப்புகளைப் படித்த பழக்கம். ஆய்ந்த கீரை ஒரு பக்கம், தண்டு ஒரு பக்கம் என்று கை தானாகப் பிரித்துக்கொண்டிருந்தது.

"அப்போ அவன் காலத்துப் பனி ஒண்ணுமே அதுல இல்லை."

"இல்லைம்மா."

"போறபோது அவனுக்குத் தெரியுமா?"

"தெரியாதும்மா. யாருக்குமே தெரியாது."

பாமா தலையசைத்தாள். அடுத்த கீரைக்கட்டைப் பிரித்தாள். நிருபமாவுக்கு அதுவே ஒரு நிம்மதியாக இருந்தது. பயந்த மாதிரி ஒன்றும் இடிந்து விழவில்லை, கிழவி கெட்டிக்காரி, தாங்கிக்கொண்டுவிட்டாள் என்று நினைத்தாள். அப்போது பாமா கேட்டாள்.

"அந்தத் தண்ணி எங்கே?"

"எந்தத் தண்ணிம்மா?"

"உருக்கினியே. தண்ணியா ஆயிருக்குமே. அது எங்கே இருக்கு?"

நிருபமாவின் கை கீரையில் நின்றுபோனது. வடிதாளில் தூசி தங்கிவிட்டால் தண்ணீருக்கு வேலை முடிந்தது. அமிலம் கலந்தது வேறு. அவள் தொழிலில் யாரும் அதை இரண்டாம் தடவை திரும்பிப் பார்ப்பதில்லை. ஒவ்வொரு குடுவையாக, இவளே, தன் கையால், கழுவுகிற தொட்டியில் கவிழ்த்துவிட்டு, குழாயைத் திறந்து குடுவையையும் அலம்பி வைத்திருந்தாள். ஸ்னேஹா வேறெதையோ எடுக்கப் போயிருந்தாள். அப்போது மனசில் ஒன்றுமே தோன்றவில்லை.

"கொட்டிட்டேம்மா," என்றாள்.

"எங்கே?"

"தொட்டியில. சாக்கடைக்குப் போயிருக்கும்."

பாமா அவளைத் திட்டவில்லை. கீரைத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"அதுல எந்த வருஷம் இருந்தா எனக்கென்னடி. என் குழந்தை கையால கடைசியாத் தொட்டுக் கட்டி அனுப்பினது அதுதானே. ஒரு சொம்பு எடுத்துண்டு வந்திருந்தா, காவேரியில விட்டிருப்பேனே."

சொல்லி முடிக்கும்போது அவள் குரல் உடைந்துவிட்டது. ஐந்து வருஷமாக யாரும் பார்க்காத அழுகை அது, சத்தமாக, அசிங்கமாக, வாயைப் பொத்திக்கொள்ளக்கூடத் தெரியாமல் வந்தது. நிருபமா நகர்ந்து போய் அவளைக் கட்டிக்கொண்டாள். மன்னிச்சிடுங்கோம்மா, தோணவே இல்லைம்மா என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். முன்னூறு வருஷத்துக்கு முந்தைய மழையைக் கணக்குப் போடத் தெரிந்தவளுக்கு அது மட்டும் தோன்றவில்லை. அமிலம் சேர்ப்பதற்கு முன்னால், ஒரே ஒரு டம்ளர் தனியாக எடுத்து வைத்திருக்கலாம்.